விடையில் 10000 கூடிவிட்டதா? 8086 முகவரிக் கணக்கில் பிழை பிடிக்கும் வழி

மைக்ரோபிராசசர் லேபில் பல ஆண்டுகளாக நின்றுகொண்டிருப்பவன் நான். ஒவ்வொரு பருவத்திலும் ரெக்கார்டு நோட்டில் அதே ஏழெட்டுத் தவறுகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. தவறான விடையைப் பார்த்ததும் மாணவர்கள் அதை அடித்துவிட்டு முதலிலிருந்து போடத் தொடங்குவார்கள். மறுபடியும் அதே தவறு, அதே விடை. நான் செய்வது வேறு. சரியான விடைக்கும் உங்கள் விடைக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று கழித்துப் பார்ப்பேன். எங்கே தவறு என்பதை அந்த வித்தியாசமே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் கீழே உள்ள தலைப்புகளையும் அந்த வித்தியாசத்தை வைத்தே பிரித்திருக்கிறேன். உங்கள் விடைக்குப் பொருந்தும் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம்.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். இந்தக் கட்டுரையில் வரும் முகவரிகளும் அவற்றின் வித்தியாசங்களும் ஹெக்ஸ் எண்கள். தனியாக H போடவில்லை, ஏனென்றால் DEBUG-உம் போடுவதில்லை.

## தொடங்கும் முன்: சரியான விடையைக் கையில் வையுங்கள்

செக்மென்ட் 2F3A, ஆஃப்செட் 1C7E என்று எடுத்துக்கொள்வோம். கடைசிவரை இந்த ஜோடியோடுதான் மல்லுக்கட்டப் போகிறோம். செக்மென்ட்டின் வலப்பக்கம் ஒரு சுழியம் சேர்த்து, ஆஃப்செட்டைக் கூட்ட வேண்டும்.

```
  2F3A0
+ 01C7E
-------
  3101E
```

விடை ஐந்து இலக்கம், அதாவது இருபது பிட். இது சரிதானா என்று DEBUG-இலேயே பார்த்துவிடலாம். DEBUG பௌதிக முகவரியைத் தனியாகக் காட்டாது, ஆனால் ஒரு குறுக்கு வழி உண்டு. விடையின் முதல் இலக்கத்தோடு மூன்று சுழியம் சேர்த்தால் செக்மென்ட், மீதி நான்கு இலக்கம் ஆஃப்செட். அதாவது 3101E என்பது 3000:101E. கேள்வியில் கொடுத்த ஜோடியில் ஓர் அடையாளத்தை எழுதி, உங்கள் விடையின் ஜோடியில் அது தெரிகிறதா என்று பாருங்கள்.

```
-e 2f3a:1c7e 5a a5 c3 3c
-d 3000:101e l4
```

5A A5 C3 3C தெரிந்தால் விடை சரி. தெரியவில்லை என்றால் அடையாளம் எங்கே விழுந்தது என்று DEBUG-ஐயே தேடச் சொல்லலாம்.

```
-s 3000:0 ffff 5a a5 c3 3c
```

எங்கே கிடைக்கிறதோ அதுதான் சரியான விடை. 2F3A செக்மென்ட் 2F3A0-இல் தொடங்கி 3F39F வரை போகிறது. ஆகவே 2000, 3000 என்ற இரண்டு தொகுதிகளில் தேடினால் போதும்.

அடையாளம் எழுதாமல் வெறுமனே இரண்டு இடத்தையும் ஒப்பிட வேண்டாம். காலியான நினைவகத்தில் எங்கு பார்த்தாலும் 00 00 00 00தான் இருக்கும், தவறான விடையும் சரி போலத் தோன்றும். அதே சமயம் கண்ட இடத்தில் எழுதவும் கூடாது. நினைவகத்தின் அடிப்பகுதியில் இன்டரப்ட் வெக்டர்களும் டாஸும் இருக்கின்றன, அங்கே எழுதினால் திரை உறைந்துவிடும். டாஸ்பாக்ஸ் என்றால் மூடித் திறந்தால் தீர்ந்தது. பழைய கணினி என்றால் மறுபடி பூட் ஆகும்வரை காத்திருக்க வேண்டும்.

## விடை சரியான இடத்துக்குப் பக்கத்தில்கூட இல்லை

இதில் கூட்டலைத் திருத்திப் பயனில்லை, கூட்டலுக்கு முந்தைய படியில்தான் கோளாறு. எளிதானதிலிருந்து பார்த்துக்கொண்டு வாருங்கள்.

விடை 4BB8. நான்கே இலக்கம். சுழியம் சேர்க்காமல் இரண்டையும் அப்படியே கூட்டியிருக்கிறீர்கள். சிலர் முன்னால் ஒரு சுழியம் போட்டு 04BB8 என்று எழுதி ஐந்து இலக்கம் ஆக்கிவிடுவார்கள். அதனால் இலக்கத்தை எண்ணுவதோடு நிற்காமல், விடையின் முதல் இலக்கம் செக்மென்ட்டின் முதல் இலக்கமாகவோ அதற்கு ஒன்று கூடுதலாகவோ இருக்கிறதா என்று பாருங்கள். ஆஃப்செட் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் FFFF-ஐத் தாண்டாது. ஆகவே 2F3A-வில் தொடங்கிய கணக்கு 2-இலோ 3-இலோதான் தொடங்க முடியும்.

விடை 1F71A. இடம் மாறிவிட்டது. ஆஃப்செட்டுக்குச் சுழியம் சேர்த்து, செக்மென்ட்டைக் கூட்டியிருக்கிறீர்கள். கேள்வியில் "ஆஃப்செட் இவ்வளவு, செக்மென்ட் இவ்வளவு" என்று தலைகீழ் வரிசையில் கொடுத்திருந்தால் பாதிப் பேர் இதில் விழுவார்கள். கோலனுக்கு இடப்பக்கம் இருப்பதுதான் செக்மென்ட்.

விடை 42B7A. இது கால்குலேட்டர் செய்யும் வேலை. இரண்டு மாணவர்கள் ஒரு முழு லேப் நேரத்தையும் இதில் தொலைத்ததைப் பார்த்திருக்கிறேன். "சார், பதினாறால் பெருக்கினோம், ரெண்டு பேருக்கும் இதேதான் வருது" என்றார்கள். பெருக்கியது உண்மைதான். ஆனால் கால்குலேட்டரை ஹெக்ஸ் முறையில் வைத்துக்கொண்டு 16 என்று தட்டியிருக்கிறார்கள். ஹெக்ஸில் 16 என்றால் இருபத்திரண்டு. பதினாறு வேண்டுமென்றால் 10 என்று தட்ட வேண்டும். 2F3A-வை ஹெக்ஸ் 16-ஆல் பெருக்கினால் 40EFC, அதோடு 1C7E சேர்த்தால் 42B7A. இருவருக்கும் ஒரே விடை வந்ததால் சந்தேகமே எழவில்லை. இப்போதெல்லாம் செக்மென்ட்டைப் பெருக்கவே விடுவதில்லை, சுழியத்தைக் கையால் எழுதச் சொல்லிவிடுகிறேன்.

## வித்தியாசத்தில் 6 வருகிறது

உங்கள் விடை 3767E என்று வைத்துக்கொள்வோம். சரியான விடையைக் கழித்தால் 06660. ஆறு ஆறாக வந்தால் வேறெங்கும் தேட வேண்டாம். அந்த இடங்களிலெல்லாம் பத்தின் கணக்கில் கூட்டியிருக்கிறீர்கள்.

எப்படி என்று பாருங்கள். வலமிருந்து இரண்டாவது இடத்தில் A-வும் 7-உம். பத்தும் ஏழும் பதினேழு. பள்ளிக்கூடப் பழக்கத்தில் 7 போட்டுக் கையில் 1 வைத்துக்கொண்டீர்கள். பதினேழில் பதினாறைத்தான் கழிக்க வேண்டும், அப்போது 1 போட்டுக் கையில் 1. பதினாறுக்குப் பதில் பத்தைக் கழித்ததால் ஆறு மிச்சம் விழுந்தது. அடுத்த இடத்திலும் அதே கதை. 3-உம் C-யும் கையில் உள்ள 1-உம் சேர்ந்து பதினாறு, 0 போட வேண்டிய இடத்தில் 6 போட்டிருக்கிறீர்கள். அதற்கடுத்து F-உம் 1-உம் கையில் 1-உம், மறுபடி பதினேழு, மறுபடி 7.

சில சமயம் ஒரே ஓர் இடத்தில் மட்டும் 6 வரும். அந்த இடத்தில் மட்டும் கவனம் சிதறியிருக்கிறது, மற்றதைத் தொட வேண்டாம்.

வித்தியாசம் 100, 1000 என்று ஒரே ஒரு 1-ஆக வந்து, உங்கள் விடை குறைவாக இருந்தால், கையில் வைத்த 1-ஐக் கூட்ட மறந்திருக்கலாம். எந்த இடத்தில் 1 இருக்கிறதோ அந்த இடத்துக்கு வர வேண்டிய மிச்சம்தான் தொலைந்தது. ஆனால் 100 என்று வந்தால் இன்னொரு காரணமும் உண்டு, அதற்குக் கீழே தனித் தலைப்பே இருக்கிறது. உங்கள் கூட்டல் சரி, ஆனால் ஓடும் நிரல் வேறு இடத்தைப் படிக்கிறது என்றால் அங்கே போங்கள்.

## உங்கள் விடை சரியாக 10000 கூடுதலாகவோ குறைவாகவோ இருக்கிறது

பல மதிப்பெண்கள் போகும் இடம் இது. கூட்டல் சரி, சுழியம் சரி, ஆனாலும் விடை தவறு. ஆஃப்செட் பல துண்டுகளாக வரும் கட்டளைகளில்தான் இது நடக்கும்.

DS = 3000, BX = E000, SI = 3000. கட்டளை `MOV AL,[BX+SI]`. பெரும்பாலோர் E000-ஐயும் 3000-ஐயும் கூட்டி 11000 என்று எழுதி, அதை 30000-உடன் சேர்த்து 41000 என்பார்கள். சரியான விடை 31000.

காரணம், ஆஃப்செட் பதினாறு பிட்டுக்குள் முடிந்துவிட வேண்டும். BX-ஐயும் SI-ஐயும் கூட்டியதில் வழிந்த 1 அங்கேயே கொட்டிப்போகிறது, செக்மென்ட்டுக்குப் போய்ச் சேராது. ஆஃப்செட் 1000 என்று ஆன பிறகே செக்மென்ட்டுடன் கூட்டல் நடக்கும். ஆகவே இரண்டு படியாகப் போடுங்கள். முதலில் ஆஃப்செட்டை மட்டும் கூட்டி நான்கு இலக்கத்துக்கு வெட்டுங்கள். அப்புறம் செக்மென்ட். எல்லாவற்றையும் ஒரே வரியில் கூட்டுபவர்களுக்குத்தான் இந்த 10000 வருகிறது.

ஆஃப்செட் படிக்கு DEBUG-இன் `h` கட்டளை கைகொடுக்கும். இரண்டு எண்ணைக் கொடுத்தால் கூட்டலையும் கழித்தலையும் காட்டும். அதுவும் பதினாறு பிட்டிலேயே வெட்டுவதால் செயலி செய்வதும் அது செய்வதும் ஒன்றுதான்.

```
-h e000 3000
1000  B000
```

முதலில் வந்த 1000தான் நமக்கு வேண்டியது.

இதே பிழை எதிர்த்திசையிலும் வரும். BX = 0001, கட்டளை `MOV AL,[BX-2]`. ஒன்றிலிருந்து இரண்டு போனால் மைனஸ் ஒன்று என்று நினைத்து 30000-இல் ஒன்றைக் கழித்து 2FFFF என்று எழுதுவார்கள். இங்கும் ஆஃப்செட் பதினாறு பிட்டுக்குள் சுற்றி FFFF ஆகிறது. ஆகவே முகவரி 3FFFF. செக்மென்ட்டின் தொடக்கத்துக்குப் பின்னால் போக முயன்றால் அதே செக்மென்ட்டின் வாலில் போய் நிற்பீர்கள்.

வித்தியாசம் 10000 இல்லாமல் 100 என்று வந்து, கேள்வியில் எந்திர மொழி பைட்டுகளைக் கொடுத்திருந்தால் இன்னொன்றைக் கவனியுங்கள். 8A 47 FE என்பது `MOV AL,[BX-2]`. கடைசி FE எட்டு பிட் குறியுள்ள எண், அதைப் பதினாறு பிட்டுக்கு நீட்டினால் FFFE. 00FE என்று கூட்டினால் விடை 100 தள்ளிப் போகும்.

## விடை ஆறு இலக்கத்துக்குப் போய்விட்டது

FFF0:0200 என்று கேட்டால் கூட்டல் 100100 என்று வரும். 8086-இல் முகவரிக் கம்பிகள் இருபதுதான். ஆறாவது இலக்கமாக வந்த 1 போக வழியில்லை, விழுந்துவிடுகிறது. மிச்சம் 00100, நினைவகத்தின் அடிமட்டம். கேள்வியில் 8086 என்றோ 8088 என்றோ இருந்தால் முன்னால் உள்ள 1-ஐ அடித்துவிடுங்கள், அவ்வளவுதான்.

மேலே சொன்ன சுற்றலோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது ஆஃப்செட் நான்கு இலக்கத்தில் வெட்டுப்படுவது, கூட்டலுக்கு முன்னால். இது முழு முகவரி ஐந்து இலக்கத்தில் வெட்டுப்படுவது, கூட்டலுக்குப் பின்னால். ஒரே கணக்கில் இரண்டும் வரலாம்.

"நோட்டில் 00100 என்று போட்டேன், டாஸ்பாக்ஸில் அடையாளம் எழுதிப் பார்த்தால் அங்கே இல்லையே" என்று ஒருவர் கேட்டார். கேள்வி நியாயமானது. 80286-இல் முகவரிக் கம்பிகள் இருபத்து நான்கு ஆகிவிட்டன, அந்த 1-க்குப் போக இடம் கிடைத்துவிட்டது. 1984-இல் ஐபிஎம் பிசி/ஏடி வெளிவந்தபோது, சுற்றிக்கொள்வதையே நம்பி எழுதிய பழைய நிரல்கள் உடையாமல் இருக்க ஏ20 என்ற இருபத்தோராவது கம்பியைத் திறக்கவும் மூடவும் ஒரு வாயில் வைத்தார்கள். வாயில் மூடியிருந்தால் 8086 போலவே சுற்றும். திறந்திருந்தால் முகவரி ஒரு மெகாபைட்டைத் தாண்டி மேலே போகும். உங்கள் கணினி எந்த நிலையில் இருக்கிறது என்று இப்படிப் பார்க்கலாம்.

```
-d 0:0 l10
-d ffff:10 l10
```

இரண்டு வரியிலும் ஒரே பைட்டுகள் வந்தால் சுற்றுகிறது. வேறுவேறாக வந்தால் ஏ20 திறந்திருக்கிறது. உங்கள் விடையில் பிழையில்லை, நீங்கள் சோதித்த இயந்திரம்தான் 8086 இல்லை. தேர்வில் 00100 என்றே எழுதுங்கள்.

## கணக்கு சரி, ஆனால் அங்கே உங்கள் தரவு இல்லை

இது நோட்டில் தெரியாது, நிரலை ஓட்டும்போதுதான் தெரியும். கூட்டலில் பிழையே இருக்காது, தவறான செக்மென்ட்டைக் கூட்டியிருப்பீர்கள்.

### ஆஃப்செட் 0-இல் CD 20 தெரிகிறது

லேபில் அடிக்கடி பார்க்கும் காட்சி இது, ஒன்றை முழுதாகச் சொல்கிறேன். ஐந்து எண்களைக் கூட்டும் நிரல், MASM-இல் எழுதி EXE ஆக்கியது. தரவு செக்மென்ட் முதலில், ஆஃப்செட் 0-இல் பட்டியல் தொடங்குகிறது. கூட்டுத்தொகை தவறு. DEBUG-இல் திறந்து `r` கொடுத்ததும் DS=075A என்று தெரிந்தது. மாணவி 075A0 என்று போட்டுக் காட்டினார். கூட்டல் சரி. ஆனால் அந்த இடத்தில் அவருடைய பட்டியல் இல்லை, CD 20 என்று தொடங்கும் வேறு ஏதோ இருந்தது.

CD 20 என்பது INT 20 என்ற கட்டளை. ஒவ்வொரு நிரலுக்கும் முன்னால் டாஸ் வைக்கும் முன்னொட்டுப் பகுதி இந்த இரண்டு பைட்டில்தான் தொடங்கும். EXE ஓடத் தொடங்கும்போது DS-உம் ES-உம் அந்த முன்னொட்டைத்தான் காட்டும், உங்கள் தரவை அல்ல. அதன் அளவு 256 பைட், அதாவது 100. செக்மென்ட் எண்ணில் சொன்னால் 10. ஆகவே அவருடைய தரவு செக்மென்ட் 075A + 10 = 076A-வில், பௌதிக முகவரி 076A0-இல் இருந்தது. வித்தியாசம் சரியாக 100. மேலே சொன்ன இன்னொரு 100 இதுதான்.

திருத்தம் இரண்டு வரி. ஸ்ட்ரிங் கட்டளைகள் இருந்தால் மூன்று.

```
MOV AX, DATA
MOV DS, AX
MOV ES, AX
```

இந்த வரிகளைத் தாண்டியபின் `t` கொடுத்துக்கொண்டே வந்து DS=076A என்று மாறியதா என்று பாருங்கள். நிரலைத் திறந்த உடனேயே `r` பார்த்துவிட்டு அந்த DS-ஐ வைத்துக் கணக்குப் போடுவதும் இதே பிழைதான், வரிகள் சரியாக இருந்தாலும் வரும். எந்தக் கட்டளைக்குக் கணக்குப் போடுகிறீர்களோ, அந்தக் கட்டளை ஓடப்போகும் நேரத்து ரெஜிஸ்டர்தான் வேண்டும்.

### கட்டளையில் BP இருக்கிறது

DS = 2F3A, SS = 4000, BP = 0010. `MOV AL,[BP+4]` என்றால் 2F3B4 என்று எழுதிவிடுவார்கள். BP வந்தாலே செக்மென்ட் SS. ஆகவே 40014. `[BP+SI]` என்றாலும் SS-தான், SI கூட இருக்கிறதே என்று DS-க்குப் போய்விட வேண்டாம். கட்டளையிலேயே `DS:` என்று வெளிப்படையாக எழுதியிருந்தால் மட்டும் மாறும்.

இதற்கு மனப்பாடம்கூடத் தேவையில்லை. DEBUG-இல் `r` அல்லது `t` கொடுத்தால் கடைசி வரியின் வலது ஓரத்தில் `SS:0014=` என்று எழுதி, அங்கே இப்போது இருக்கும் மதிப்பையும் காட்டும். எந்த செக்மென்ட், எந்த ஆஃப்செட் இரண்டும் அதிலேயே இருக்கிறது. அந்த ஓரத்தை யாரும் பார்ப்பதே இல்லை.

### MOVSB செய்தபின் நகல் வேறிடத்தில் கிடக்கிறது

ஸ்ட்ரிங் கட்டளைகளில் எடுக்கும் இடம் DS:SI, போடும் இடம் ES:DI. மூன்றாவது வரியை விட்டுவிட்டால் நகல் முன்னொட்டுப் பகுதியில் போய் விழும். எடுக்கும் பக்கத்தை வேறு செக்மென்ட்டுக்கு மாற்றலாம், போடும் பக்கத்தை மாற்ற முடியாது. அது எப்போதும் ES.

## நினைவகத்திலிருந்து எடுத்த முகவரி பொருளில்லாமல் இருக்கிறது

தூரத் தாவல், இன்டரப்ட் வெக்டர் போன்றவற்றில் நான்கு பைட்டைப் படித்து முகவரி கட்ட வேண்டும். இங்கே கெடுவது வரிசை.

8086 ரீசெட் ஆனதும் CS = FFFF, IP = 0000. முதல் கட்டளை FFFF0-இல். மேலே பதினாறே பைட்டுதான் மிச்சம், அதனால் அங்கே ஒரு தாவல் கட்டளை வைத்தே ஆக வேண்டும். அசல் ஐபிஎம் பிசியின் பயாஸில் அது EA 5B E0 00 F0. EA என்பது தாவல். அடுத்த இரண்டு பைட் ஆஃப்செட், அதற்கடுத்த இரண்டு செக்மென்ட். ஒவ்வொன்றிலும் சிறிய பைட் முன்னால். ஆகவே ஆஃப்செட் E05B, செக்மென்ட் F000, பௌதிக முகவரி FE05B.

உங்களுக்கு EF5B0 என்று வந்தால் செக்மென்ட்டையும் ஆஃப்செட்டையும் மாற்றிப் படித்திருக்கிறீர்கள். 5BEF0 என்று வந்தால் பைட்டுகளைத் திரையில் தெரிந்த வரிசையிலேயே எடுத்துவிட்டீர்கள். கண்ணுக்கு இடமிருந்து வலம் படிக்கத் தோன்றும், இங்கே வலக்கோடியிலிருந்து தொடங்குங்கள். கடைசிப் பைட், அதற்கு முந்தையது என்று எழுதிக்கொண்டே வந்தால் F0 00 E0 5B, முதலில் செக்மென்ட், பிறகு ஆஃப்செட், தானாகவே சரியாக விழும்.

## பக்கத்து மேசையில் வேறு ஜோடி வந்திருக்கிறது

ஒருவர் 076A:0012 என்கிறார், இன்னொருவர் 076B:0002 என்கிறார், மூன்றாமவர் 0000:76B2. சண்டை போட வேண்டாம், மூன்றும் 076B2. ஒரு பைட்டுக்குப் பல ஜோடிகள் உண்டு, நினைவகத்தின் பெரும்பகுதியில் ஒவ்வொரு பைட்டுக்கும் 4096 ஜோடிகள். (இந்த எண் மட்டும் பத்தின் கணக்கு.)

ஒப்பிட வேண்டுமென்றால் பௌதிக முகவரியாக்கி ஒப்பிடுங்கள். ஜோடியாகவே வேண்டுமென்றால் கடைசி இலக்கத்தை மட்டும் ஆஃப்செட்டாக விட்டு மற்ற நான்கையும் செக்மென்ட்டாக்குங்கள், 076B:0002 என்று. அந்த வடிவில் ஒரு முகவரிக்கு ஒரே ஜோடிதான்.

## டாஸ்பாக்ஸில் சரி, கிட்டில் மட்டும் தவறு

இங்கேதான் பேனாவை வைத்துவிட்டுக் கருவியைச் சந்தேகிக்கத் தொடங்கலாம். அதற்கு முன்னால் இன்னொருவரிடம் கொடுத்துத் தனியாகக் கணக்குப் போடச் சொல்லுங்கள். நான் பார்த்தவரை கிட் மேல் பழி போட்டவர்களில் பெரும்பாலோருக்குப் பிழை நோட்டில்தான் இருந்தது.

கிட்டின் நினைவக வரைபடம். செலவே இல்லாத சோதனை. கிட்டோடு வந்த கையேட்டில் ரேம் எங்கிருந்து எதுவரை என்று இருக்கும். ஒரு மெகாபைட் முழுவதும் யாரும் ரேம் வைத்துத் தருவதில்லை. நீங்கள் கணக்கிட்ட முகவரியில் ரேமே இல்லாமலிருக்கலாம், அல்லது மானிட்டர் நிரல் உள்ள ரோம் இருக்கலாம். எழுதியதும் உடனே படித்துப் பாருங்கள், எழுதியது நிற்காவிட்டால் இதுதான்.

ஒற்றைப்படை முகவரி மட்டும் நிற்கவில்லை. 02000-இல் எழுதியது நிற்கிறது, 02001-இல் நிற்கவில்லை, 02002 சரி, 02003 இல்லை. 8086 இரட்டைப்படை பைட்டுகளை ஒரு வங்கியிலும் ஒற்றைப்படை பைட்டுகளை இன்னொரு வங்கியிலும் வைக்கிறது. ஒரு வங்கியின் சிப் கழன்றிருக்கலாம். மின்சாரத்தை நிறுத்திவிட்டுச் சாக்கெட்டில் அழுத்திப் பொருத்துங்கள். அதுவரை நீங்களே செய்யலாம்.

ஓரிடத்தில் எழுதினால் இன்னோரிடமும் மாறுகிறது. 02000-இல் 55 எழுதுங்கள். 02400-இல் AA எழுதுங்கள். திரும்பி வந்து 02000-ஐப் படியுங்கள். அங்கும் AA இருந்தால், இரண்டு முகவரிக்கும் இடையில் மாறும் ஒரே கம்பியான ஏ10 நினைவகத்துக்குப் போய்ச் சேரவில்லை. 02000-க்கு எதிராக 02800, 03000 என்று ஒவ்வொரு கம்பியாகச் சோதித்து எது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் உயரமான கம்பிகளில் இப்படி வந்தால் பதற வேண்டாம். சில பலகைகளில் மேல் கம்பிகளை முகவரி பிரிப்பில் சேர்ப்பதே இல்லை, அதே ரேம் பல இடத்தில் எதிரொலிக்கும். வரைபடத்தோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

கீழ்க் கம்பி ஒன்று செத்திருந்தால் அங்கேயே நிறுத்திக்கொண்டு சர்வீஸ் ஆளைக் கூப்பிடுங்கள். மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு பலகையில் குத்த வேண்டாம். 8086-இல் முகவரிக்கும் தரவுக்கும் அதே பின்கள்தான், முகவரி கணநேரம் மட்டும் வந்து லாட்ச் சிப்பில் பிடிபடுகிறது. மீட்டரின் முள்ளுக்கு அது தெரியவே தெரியாது, ஆசிலாஸ்கோப் வேண்டும். அவர் வரும்போது எந்தெந்த இரண்டு முகவரி ஒன்றாக மாறின, எந்தக் கம்பி, இரட்டைப்படையா ஒற்றைப்படையா என்று எழுதிய தாளைக் கொடுத்தால், லாட்ச் சிப்பா, ரேம் சிப்பா, பலகையில் அறுந்த தடமா என்று தேட வேண்டிய இடம் அவருக்குக் கிடைத்துவிடும்.